தணிக்கையாளர் உங்கள் பாஸ்வேர்டில் உட்காரக் கூடாது

தணிக்கைக்கு ஆள் வந்ததும் பல பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களில் நடப்பது இதுதான். செயலாளர் தன் லாகினில் கணினியைத் திறந்து வைத்துவிட்டு, “பாருங்க சார், எல்லாம் இதுலயே இருக்கு” என்று எழுந்துவிடுவார். அவருக்கு வேறு வழியும் இருக்காது. சங்கத்தின் மென்பொருளில் இருப்பவை செயலாளர், கணக்கர், காசாளர் என்ற மூன்று லாகின்கள்தான். மூன்றிலும் பதிவு செய்யலாம், திருத்தலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் இதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன். தணிக்கையாளர் ஒரு கடனுக்கான மாத வட்டி சரியா என்று பார்க்க விரும்பினார். அசல் நிலுவை 80,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். ஆகவே மாதத்துக்கு 800 ரூபாய் வர வேண்டும். வட்டிக் கணக்கீடு என்ற திரையைத் திறந்து, `Process` என்ற பொத்தானை அழுத்தினார். கணக்கிட்டுக் காட்டும் என்று நினைத்துத்தான் அழுத்தினார். அது ஏற்கெனவே போட்ட வட்டியை எல்லா உறுப்பினர் கணக்கிலும் இன்னொரு முறை பதிந்துவிட்டது. அந்த உறுப்பினருக்கு 800 ரூபாய் 1,600 ஆனது.

இருப்பாய்வு அன்று மாலையும் டேலி ஆனது. நிலுவை வட்டியும் ஏறியது, வட்டி வருமானமும் அதே அளவு ஏறியது. பற்றும் வரவும் சமமாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. அடுத்த மாதக் கேட்புப் பட்டியல் சம்பளம் போடும் அலுவலகத்துக்குப் போய், பிடித்தம் கூடுதலாக வந்தபின், சம்பளச் சீட்டோடு ஓர் உறுப்பினர் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. மென்பொருளின் பதிவேட்டில் அந்த வேலையைச் செய்தவர் பெயராக இருந்தது செயலாளர் பெயர்.

அதனால்தான் மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்கிறேன். தொலைபேசியில் சொன்னால் “செஞ்சு தர்றோம் சார்” என்பார்கள். வந்து சேர்வது பெரும்பாலும் கணக்கரின் லாகினை நகலெடுத்து, சில மெனுக்களை மறைத்த ஒன்றாக இருக்கும். என்ன வேண்டும் என்பதைக் கடிதமே துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும். முதலில் நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன் எண்ணைப் பார்வையில் குறிப்பிடுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

“பொருள்: சங்க மென்பொருள் – தணிக்கையாளருக்குப் பார்வையிடும் உரிமை மட்டும் கொண்ட தனி லாகின் – உருவாக்கித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம். எங்கள் சங்கக் கணக்குகள் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983, பிரிவு 80-ன்படி தணிக்கை செய்யப்படுகின்றன. தணிக்கையாளர் இப்போது பணியாளர் லாகினைப் பயன்படுத்த வேண்டியுள்ளது. இதைத் தவிர்க்கத் ‘தணிக்கையாளர்’ என்ற புதிய பொறுப்பை உருவாக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு தணிக்கையாளருக்கும் அவர் பெயரிலேயே தனி லாகின் இருக்க வேண்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் நாங்கள் குறிப்போம். முடிவு நாளில் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

இந்த லாகினில் நாளேடு, பொதுப் பேரேடு, உறுப்பினர் தனிக் கணக்குகள், கேட்பு–வசூல்–நிலுவைப் பட்டியல், இருப்பாய்வு ஆகிய அனைத்தும் தெரிய வேண்டும். ஒவ்வொரு செலவுச்சீட்டிலும் அதன் தேதியோடு, கணினியில் ஏற்றிய நாள், நேரம், ஏற்றியவர் பெயர் ஆகியவையும் காட்டப்பட வேண்டும். திருத்திய பதிவுகளின் பழைய தொகையும், நீக்கிய பதிவுகளும் தெரிய வேண்டும். அறிக்கைகளை எக்செலாக எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். யார், எப்போது எடுத்தார் என்பது பதிவாக வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றில் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

சேர்த்தல், திருத்துதல், நீக்குதல், வட்டிப் பதிவு, நாள் முடிப்பு, ஆண்டு முடிப்பு ஆகிய எதையும் இந்த லாகின் செய்யக் கூடாது. பொத்தானை மறைப்பது மட்டும் போதாது. கோரிக்கை வேறு எந்த வழியில் வந்தாலும் சர்வரே அதை மறுக்க வேண்டும். முதலில் சோதனை நகலில் அமைத்துத் தாருங்கள். நாங்கள் சரிபார்த்து எழுத்தில் ஒப்புதல் அளித்தபின் நடப்புக் கணக்கில் அமைக்கவும். இப்பணி ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அடங்குமா, தனிக் கட்டணம் உண்டா என்பதையும், முடித்துத் தரும் நாளையும் எழுத்தில் தெரிவிக்கவும்.”

இதில் இரண்டு இடங்களை நிறுவனம் பேரம் பேசிக் கைவிடப் பார்க்கும். ஒன்று, நீக்கிய பதிவுகள். “அது டேட்டாபேஸ்லயே இருக்காது சார்” என்றால், நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் லாகினைவிடப் பெரியது. நீக்கினால் அடையாளமே இல்லாமல் போகிற கணக்கு மென்பொருள் எந்தச் செயலாளரையும் காப்பாற்றாது. பதிவை அழிக்காமல், ரத்து என்று குறித்து வைக்கும்படி மாற்றச் சொல்லி அன்றே இன்னொரு கடிதம் எழுதுங்கள். மற்றொன்று, கணினியில் ஏற்றிய நாள். மார்ச் 31 தேதியிட்ட ஒரு செலவுச்சீட்டு ஜூன் 14 அன்று ஏற்றப்பட்டிருந்தால், அதைத் தணிக்கையாளர் கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்வி வராமலிருக்க அந்த நாளை மறைக்க வேண்டும் என்று சில செயலாளர்களே நினைக்கிறார்கள். நான் இதை ஏற்க மாட்டேன். தாமதத்துக்குக் காரணம் சொல்லிவிடலாம். மறைத்ததற்குக் காரணம் சொல்ல முடியாது.

லாகின் வந்ததும் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அரை நாள் ஒதுக்கி, சோதனை நகலில் பாருங்கள். முதலில் இருப்பாய்வை அச்செடுங்கள். கடைசிச் செலவுச்சீட்டின் எண்ணையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தணிக்கையாளர் லாகினில் நுழைந்து, கண்ணில் படும் எல்லாத் திரையையும் திறந்து, எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள். அறிக்கைத் திரைகளை விட்டுவிடாதீர்கள். அறிக்கை என்ற பெயரில் கணக்கில் பதிகிற திரைகள்தான் ஆபத்து.

அடுத்து, உங்கள் லாகினில் ஒரு செலவுச்சீட்டைத் திருத்தும் பக்கத்தைத் திறந்து, பிரௌசரின் மேலே உள்ள முகவரியை அப்படியே நகலெடுங்கள். உங்கள் லாகினிலிருந்து வெளியேறி, தணிக்கையாளர் லாகினில் நுழைந்து அதை ஒட்டுங்கள். அனுமதி இல்லை என்று வந்தால் நல்லது. பக்கம் திறந்து, தொகையை மாற்றி `Save` கொடுத்ததும் ஏற்றுக்கொண்டால், நிறுவனம் மெனுவைத்தான் மறைத்திருக்கிறது. அந்தத் திரையைப் படமெடுத்துக் கடிதத்தோடு திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக இருப்பாய்வை மறுபடி அச்செடுத்து முதல் அச்சோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். டேலி ஆகிறதா என்று மட்டும் பார்த்தால், அந்தச் சங்கத்தில் நடந்தது உங்கள் கண்ணிலும் படாது. ஒவ்வொரு கணக்குத் தலைப்பின் தொகையும், கடைசிச் செலவுச்சீட்டு எண்ணும் மாறாமல் இருக்க வேண்டும். மாறாமல் இருந்தால் இரண்டு அச்சிலும் தேதியிட்டுக் கையெழுத்திட்டு, தீர்மான நகலோடு கோப்பில் வைத்துவிட்டு, ஒப்புதல் கடிதத்தை அனுப்புங்கள்.