காளான் அறைக்குக் காற்றோட்டம்: குழாய் அளவும் விசிறித் தேர்வும்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடை முடிந்ததும் கிடைக்கும் வைக்கோலைக் கொண்டு சிப்பிக்காளான் வளர்ப்போர், அறையின் ஈரத்தில் காட்டும் அக்கறையைக் காற்றில் காட்டுவதில்லை. காளான் மூச்சு விடும் பயிர். அது விடும் கரியமிலவாயு அறையில் தேங்கினால் தண்டு நீண்டு, குடை சிறுத்து, காளான் விலை போகாது. குடையிலிருந்து உதிரும் வித்துத் தூளும் அங்கேயே சுற்றும். அதை நாள்தோறும் சுவாசித்தால் இருமலும் மூச்சுத்திணறலும் வரும். ஆகவே அறைக்காற்றை வெளியேற்றினால் மட்டும் போதாது; வீட்டையும் தொழுவத்தையும் தாண்டிக் குழாய் மூலம் கொண்டுபோய் விட வேண்டும்.

தோவாளைப் பக்கம் 20 அடி நீளம், 12 அடி அகலம், 8 அடி உயரமுள்ள ஓர் அறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 1,920 கன அடி. காளான் முளைக்கும் பருவத்தில் மணிக்கு 6 முறை காற்று மாற வேண்டுமென்றால் 11,520 கன அடி தேவை. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 கன அடி. குழாயின் நீளம் 30 அடி. வழியில் இரண்டு எல்போ வளைவுகள்.

காற்று குழாயின் சுவரில் உராய்ந்துதான் செல்கிறது. அந்தத் தடையை நீர்மட்ட மில்லிமீட்டரில் அளப்பார்கள். 6 அங்குலக் குழாயில் ஓர் எல்போ சுமார் 10 அடி நேர்குழாய்க்குச் சமம். ஆகவே நம் குழாயை 50 அடியாகக் கொள்ள வேண்டும். இந்த நீளத்தில் 200 கன அடி காற்று செல்ல உராய்வு 4 மி.மீ. ஆகும். குழாய் வாயில் நுழையவும் வெளியேறவும் இரண்டரை மி.மீ., காற்று உள்ளே வரும் சன்னல் வலைக்கு ஒரு மி.மீ. தூசி படிவதையும் எண்ணி மொத்தம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்க எண்ணி 4 அங்குலக் குழாய் போட்டால் என்ன ஆகும்? அதே காற்றுக்குத் தடை சுமார் 45 மி.மீ. ஆகிவிடும். விட்டம் பாதியானால் உராய்வு ஏறக்குறைய 32 மடங்காகும் என்பது கணக்கு. 6 அங்குலக் குழாய்க்கு 40 வாட் விசிறி போதுமென்றால், 4 அங்குலத்துக்கு 150 வாட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட் எங்கே, ஒன்றே முக்கால் யூனிட் எங்கே! குழாயில் மிச்சம் பிடித்த பணம் மின்கட்டணத்தில் போய்விடும்.

விசிறி வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 9 அங்குல எக்ஸாஸ்ட் விசிறியின் பெட்டியில் 400 கன அடி என்று எழுதியிருக்கலாம். அது முன்னே தடை ஏதும் இல்லாதபோது தள்ளும் அளவு. மூன்று, நான்கு மி.மீ. தடை வந்தாலே இத்தகைய விசிறி திணறும். இறக்கை சுற்றும், காற்று போகாது. குழாய்க்கு ஏற்றது புளோயர், அல்லது குழாயின் நடுவே பொருத்தும் விசிறி. கடையில், "10 மி.மீ. அழுத்தத்தில் எவ்வளவு காற்று தரும்?" என்று கேட்க வேண்டும். 100 பாஸ்கல் என்று அச்சிட்டிருப்பதும் அதே அழுத்தம்தான். அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 200 கன அடி, அதாவது மணிக்கு 340 கன மீட்டர் தருவதையே வாங்க வேண்டும்.

காற்று உள்ளே வர எதிர்ச்சுவரில் இரண்டு சதுர அடித் திறப்பு வைத்துப் பூச்சி வலை அடிக்க வேண்டும். திறப்பு இல்லாத அறையில் எந்த விசிறியும் வேலை செய்யாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றையும் மறக்கலாகாது. மணிக்கு 30 கி.மீ. வேகக் காற்று குழாய் வாயில் நேரே மோதினால் 4 மி.மீ. எதிர்ப்பு கூடும். வாயை மறுபக்கம் திருப்பி, தரையை நோக்கிச் சாய்த்துவிட வேண்டும். காய்ந்த காற்று வீசும் நாட்களில் திறப்பில் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, விசிறியை விட்டுவிட்டு ஓட்டலாம். இல்லாவிட்டால் படுக்கை உலர்ந்துவிடும். சாக்கு வலையோடு ஒட்டிக்கொண்டு திறப்பை அடைக்காமல், சற்று விலகியிருக்க வேண்டும்.

தேவையான காற்று போகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. 2 அடி விட்டமும் 6 அடி நீளமும் கொண்ட பாலிதீன் பையின் ஒரு முனையைக் கட்டி, காற்றை நீக்கி, மறுமுனையைக் குழாய் வாயில் மாட்ட வேண்டும். சுமார் 6 விநாடியில் பை நிரம்பினால் 200 கன அடி போகிறது. 12 விநாடி ஆனால் பாதிதான். அப்போது அறைக் கதவைத் திறந்து வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். பை விரைவில் நிரம்பினால் சன்னல் வலை அடைத்திருக்கிறது, கழுவினால் போதும். மாற்றம் இல்லையென்றால் குழாயின் உட்புறத்தையும் விசிறி இறக்கைகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். வித்துத் தூள் ஈரத்தோடு சேர்ந்து பசைபோல் ஒட்டியிருக்கும்.