பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்து பச்சப்பிள்ளையைத் தொடுமுன்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெளியாள் வந்தால், கொட்டாம்பட்டிப் பக்கம் வாசலிலேயே ஒரு செம்புத் தண்ணீரை நீட்டி, "காலைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்பார்கள். நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கிருமி காலில் ஏறி வருவது குறைவு. அது கையிலும் மூக்கிலும்தான் வருகிறது.

கையில் வருவது அன்றைக்கே வந்துவிடும். கட்டில் கம்பி, குளுக்கோஸ் ஸ்டாண்டு, கழிப்பறைத் தாழ்ப்பாள், நோயாளியின் போர்வை என்று தொட்ட இடத்திலிருந்து விரலில் ஒட்டி, குழந்தையின் வாய்க்கும் கண்ணுக்கும் போகும். மூக்கில் வருவது தாமதமாக வரும். வார்டில் இருமியவரின் காற்றை நாம் இழுத்திருப்போம். ஃப்ளூ என்றால் ஒன்று முதல் நான்கு நாளிலும், குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ் என்றால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாளிலும் நமக்குச் சளி பிடிக்கும். வந்த அன்றைக்குத் தலைக்குக் குளித்து, சேலையை மாற்றி, "எல்லாம் போச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறோம். மூக்குக்குள் போனதைக் குளியல் கழுவாது. இந்த இரண்டாவது வழியைத்தான் பல வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி இன்னும் முழுதாக வரவில்லை. கக்குவான் இருமலுக்கான முதல் தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான் போடுகிறார்கள். அதுவரை, சுற்றி இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பெரிய பாதுகாப்பு.

ஒரு வீட்டை வைத்தே பார்ப்போம். மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள், குழந்தைக்குப் பதினெட்டு நாள். அவளுடைய சித்தப்பாவுக்கு நிமோனியா. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

யார் போவது

குழந்தையின் அம்மா போகக் கூடாது. அம்மாச்சியும் போகாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர்தான். நம் பக்கம் குளிப்பாட்டும்போது சளி வரட்டும் என்று மூக்கில் ஊதுவார்கள், சிலர் வாயால் உறிஞ்சியும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டாலும் இந்தப் பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும். போய்வந்தவர் செய்தால், நேரே குழந்தையின் மூச்சுக்குள் கிருமியை ஊதுவதாகிவிடும். சேனை வைக்கிறேன் என்று வாயில் விரல் வைப்பதும் அப்படித்தான்.

தாய்மாமன் போகட்டும். அவர் வேறு அறையில் படுக்கலாம், பிள்ளையைத் தூக்காமலும் இருக்கலாம். அவருக்கே சளியோ காய்ச்சலோ இருந்தால் அவரும் போகக் கூடாது. படுத்திருக்கும் சித்தப்பாவுக்கு அது ஆகாது.

கிளம்புமுன், கூட இருக்கும் சித்தியிடம் போனில் ஒன்று கேட்க வேண்டும்: "சளி டெஸ்ட் எடுத்தாங்களா சித்தி? டிபின்னு ஏதும் சொன்னாங்களா?" காசநோய் என்றோ, சந்தேகம் என்றோ பதில் வந்தால் இப்போதைக்குப் போனிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. போயே ஆக வேண்டும் என்றால் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதாது, என்95 வேண்டும்.

எதை எடுத்துப்போவது

சட்டைப்பையில் நூறு மில்லி சானிடைசர் ஒன்று. ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். கழுவும் இடத்தில் சோப்பு இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், குளியல் சோப்பில் ஒரு துண்டு வெட்டி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கை துடைக்கத் துவைத்த கைக்குட்டை ஒன்று, மாஸ்க் இரண்டு. செல்போனை ஜிப் வைத்த பாலித்தீன் உறையில் போட்டுவிட்டால் உறைக்கு மேலேயே தொட்டுப் பேசலாம், வெளியே வந்ததும் உறையைத் தூக்கிப் போட்டுவிடலாம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். மணிக்கட்டில் சாமி கயிறு கட்டியிருந்தால், கை கழுவும்போது அதையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அழுக்கோடு அங்கேயே கிடக்கும்.

வார்டில்

மாஸ்க்கை வார்டுக்குள் போனபிறகு தேடாமல், படியேறும்போதே போட்டுவிடுங்கள். நிறம் உள்ள பக்கம் வெளியே, கம்பி உள்ள ஓரம் மேலே. கம்பியை இரண்டு கை விரலாலும் மூக்கோடு அழுத்தி, தாடைக்குக் கீழே இழுத்துவிட வேண்டும். என்95 என்றால் இரண்டு நாடாவையும் தலைக்குப் பின்னால் மாட்டி, இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டு மூச்சு விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி வைத்தவர்களுக்கு அது பெரும்பாலும் கசியும். பேசுவதற்காக மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி மறுபடி ஏற்றுவதுதான் வார்டில் அதிகம் பார்க்கும் தவறு. அதன் வெளிப்பக்கத்தைத் தொட்ட விரல் அடுத்துக் கண்ணுக்குத்தான் போகும். ஈரமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

சித்தப்பாவைத் தொடுமுன் ஒரு முறை சானிடைசர் போடுவது அவருக்காக. தொட்டபின் ஒரு முறை போடுவது நமக்காக, வீட்டுக் குழந்தைக்காக. உள்ளங்கைக் குழி நிறைய ஊற்றி, காயும்வரை தேய்க்க வேண்டும். இருபது முதல் முப்பது விநாடி ஆகும். பத்து விநாடியில் காய்ந்துவிட்டால் ஊற்றியது போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலோர் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டுக் கட்டை விரலையும் விரல் நுனிகளையும் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் வாய்க்கருகே போவது அந்த நுனிதான். நுனிகளை மறு உள்ளங்கையில் வைத்துச் சுழற்றித் தேயுங்கள், கட்டை விரலைத் தனியாகப் பிடித்து முறுக்குங்கள்.

கையில் அழுக்கோ சளியோ தெரிந்தால் சானிடைசர் வேலை செய்யாது. பக்கத்துக் கட்டிலில் வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அந்தக் கிருமிகளில் சில ஆல்கஹாலுக்குச் சாவதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் வழி. நனைத்து, தேய்த்து, அலசி, துடைக்க நாற்பது முதல் அறுபது விநாடி. துடைப்பது கொண்டுபோன கைக்குட்டையில் இருக்கட்டும். கட்டிலில் உரசிய முந்தானையிலும் தோள் துண்டிலும் துடைத்தால் கழுவியது வீண்.

கட்டிலில் உட்கார வேண்டாம். காற்று வரும் ஜன்னல் பக்கமாக நின்று பத்து, பதினைந்து நிமிடம் பேசினால் போதும். உட்கார்ந்து அரை நாள் பேசினால்தான் பாசம் என்று சித்தப்பாவே நினைக்க மாட்டார். கொண்டுபோன ஆப்பிளும் ரொட்டியும் அங்கேயே இருக்கட்டும். "பிள்ளை பெத்தவளுக்குக் குடு" என்று திருப்பிக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், மறுக்கும் காரணத்தைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

கை கழுவுவதற்கு ஏன் இத்தனை பேச்சு என்று தோன்றலாம். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் ஒரு பிரசவப் பிரிவில், ஏப்ரல் மாதம் மட்டும் நூறு தாய்மாரில் சுமார் பதினெட்டுப் பேர் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மாணவர்களின் கையைச் சந்தேகித்தார். குளோரின் கரைசலில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று மே மாதம் கட்டாயமாக்கினார். ஜூனில் இறப்பு நூற்றுக்குச் சுமார் இரண்டாகக் குறைந்தது. கிருமியால்தான் இந்த நோய் பரவுகிறது என்பது அப்போது மருத்துவத்துக்கே தெரியாது. கை மட்டும்தான் மாறியது.

திரும்பி வரும்போது

வார்டுக்கு வெளியே வந்ததும் முதலில் கை, பிறகு காதுக் கயிற்றைப் பிடித்து மாஸ்க்கைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போடுவது, பிறகு மறுபடி கை. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் கழற்றும்போதுதான் விரலில் படுகிறது. போன் உறையையும் அங்கேயே போட்டுவிடலாம்.

மாட்டுத்தாவணியிலிருந்து கொட்டாம்பட்டி வரை பஸ் கம்பியைப் பிடித்துத்தான் வர வேண்டும். ஆஸ்பத்திரியில் கழுவிய கை வீடு வருவதற்குள் பழையபடி ஆகிவிடும். அதனால் வீட்டு வாசலில், அந்தச் செம்புத் தண்ணீரோடு ஒரு சோப்பும் இருக்க வேண்டும். கால் கழுவும் இடத்திலேயே கையை முழங்கை வரைக்கும், முகத்தையும் கழுவிவிட வேண்டும். சட்டையை உதறாமல் ஊற வைத்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டால் போதும். டெட்டால் ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. ராத்திரி நேரத்தில் தலைக்குக் குளிக்கவும் தேவையில்லை. சாப்பாடு கொண்டுபோன தூக்குவாளியைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தனியாக விளக்கி, பையைத் திண்ணைக் கொடியிலேயே தொங்கவிடலாம்.

அடுத்த ஒரு வாரம் மாமன் குழந்தை இருக்கும் அறையில் படுக்க வேண்டாம். அருகே போனால் மாஸ்க். தும்மலோ தொண்டைக் கரகரப்போ ஆரம்பித்தால் அது சரியாகும்வரை அந்த அறைப்பக்கமே போகக் கூடாது. வீட்டில் யாராக இருந்தாலும் குழந்தையின் முகத்திலும் கையிலும் முத்தம் வேண்டாம், கை வாய்க்குத்தான் போகும். தாய்க்கே சளி பிடித்துவிட்டால் பாலை நிறுத்தக் கூடாது. மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

குழந்தையிடம் பார்க்க வேண்டியவை

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, விலாவுக்குக் கீழே குழி விழ மூச்சு இழுப்பது, வலிப்பு. அக்குளில் வைத்துப் பார்த்த வெப்பம் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருப்பதும், உடம்பு சில்லென்று குளிர்ந்து கிடப்பதும் ஆபத்துதான். மூச்சைக் குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அறுபதோ அதற்கு மேலோ வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் அது வேகமான மூச்சு.

இதில் ஒன்று தெரிந்தாலும் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்துவிட்டுக் காலைவரை காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரைக்கோ கிளம்பிவிட வேண்டும். போனதும் டாக்டர் கேட்கும்வரை காத்திராமல், வீட்டில் ஒருவர் எந்த நாளில் எந்த வார்டுக்குப் போய்வந்தார், அங்கே படுத்திருப்பவருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுங்கள். என்ன பரிசோதனை எடுப்பது, எந்த மருந்தில் தொடங்குவது என்று அவர் முடிவெடுக்க அந்தத் தகவல் உதவும்.