மூட்டு வலிக்குப் போஸ்வெலியா, எம்.எஸ்.எம்.: வலி மாத்திரைக்கு ஈடாகுமா?

தெப்ராவ் வட்டார முதியோருக்கான சுகாதாரக் குறிப்பு

முழங்கால் தேய்மானத்தால் வலிப்பவர்கள் பலர், மருந்தகத்திலோ இரவுச் சந்தையிலோ போஸ்வெலியாவும் எம்.எஸ்.எம்.மும் கலந்த குளிகைகளை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இவை வலி மாத்திரையைப் போல் வேலை செய்யுமா? பதில், எவ்வளவு நாளில் வேலை செய்கின்றன என்பதில் இருக்கிறது.

இவை என்ன?

போஸ்வெலியா என்பது இந்தியாவில் வளரும் ஒரு மரத்தின் பிசின். சித்த மருத்துவத்தில் இதைப் பறங்கிச் சாம்பிராணி, குந்துருக்கம் என்பார்கள். வீட்டில் புகை போடும் சாம்பிராணி வேறு. அதைச் சாப்பிடக் கூடாது. எம்.எஸ்.எம். என்பது கந்தகம் சேர்ந்த ஒரு பொருள். குளிகைக்காக இது தொழிற்சாலையில் தயாரிக்கப்படுகிறது.

நாக்பூரில் கண்டது

இந்தியாவின் நாக்பூரில் முழங்கால் தேய்மானம் உள்ள 66 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பிரிவினர் போஸ்வெலியா சாறு 333 மில்லிகிராமை நாளுக்கு மூன்று வேளை சாப்பிட்டனர். மற்றவர்கள் வால்டெகாக்சிப் என்ற வலி மாத்திரையை நாளுக்கு ஒன்று சாப்பிட்டனர். இப்படி ஆறு மாதம் தொடர்ந்தது.

வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒரு மாதத்திலேயே நல்ல குறைவு தெரிந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றது. போஸ்வெலியாவுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதன் பலன் நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை இருந்தது. சிலருக்கு நெஞ்செரிச்சலும், ஒருவருக்கு வயிற்றுப்போக்கும் வந்தன.

இதை அளவோடுதான் நம்ப வேண்டும். ஆய்வில் இருந்தவர்கள் குறைவு. எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒப்பிட்ட வலி மாத்திரையும் இருதய ஆபத்து, கடுமையான தோல் பாதிப்பு காரணமாக 2005இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

எம்.எஸ்.எம்.முக்கு ஆதாரம் இன்னும் குறைவு. அதன் ஆய்வுகளில் நாளுக்கு 3 முதல் 6 கிராம் வரை 12 வாரம் கொடுத்தார்கள். வலி சற்றுக் குறைந்தது. பெரிய மாற்றம் இல்லை.

குளிகையின் அளவைப் பாருங்கள்

எடுத்துக்காட்டாக, ஒரு குளிகையில் போஸ்வெலியா 100 மில்லிகிராமும் எம்.எஸ்.எம். 500 மில்லிகிராமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு சாப்பிட்டால் போஸ்வெலியா 200 மில்லிகிராம்தான் கிடைக்கும். நாக்பூரில் கொடுத்தது ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். எம்.எஸ்.எம்.மும் 1 கிராம்தான் சேரும். ஆய்வில் கண்ட பலனை இதில் எதிர்பார்க்க முடியாது. அதற்காக நீங்களாகவே குளிகையைக் கூட்டவும் வேண்டாம்.

வலி மாத்திரையின் நிலை

டைக்லோஃபெனக், ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் போன்ற மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே வலியைக் குறைக்கும். ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் வயிற்றில் புண், இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இருதயப் பாதிப்பு வரலாம். இரத்த அழுத்த மாத்திரையோ நீர் மாத்திரையோ சாப்பிடும் முதியோருக்குச் சிறுநீரக ஆபத்து கூடுதல். மலம் கறுத்துப் போனாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முழங்கால் வலிக்கு, மேலே பூசும் டைக்லோஃபெனக் களிம்பை முதலில் முயலலாம். அது இரத்தத்தில் கலக்கும் அளவு குறைவு. பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் உடல் எடை குறைந்தவர்களும் அதைவிடக் குறைவாகவே சாப்பிட வேண்டும். எவ்வளவு என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இரண்டே நாளில் வலி பறந்தால்

போஸ்வெலியா மெதுவாக வேலை செய்வது. ஆகவே மூலிகைக் குளிகை சாப்பிட்ட ஓரிரு நாளில் வலி முழுதும் போனால், சந்தேகப்படுங்கள். மூட்டு வலிக்கு விற்கும் சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ரகசியமாகக் கலப்பது மலேசியாவில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உருண்டையாவது, பசி கூடுவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவது அதன் அடையாளங்கள்.

பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். மயக்கமும் கடும் சோர்வும் வரலாம். பாட்டிலோடு அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

வாங்கும் முன்பு பெட்டியில் MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும், சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண் உண்மையானதா என்பதைத் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

முயன்று பார்க்க விரும்பினால்

வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் போஸ்வெலியாவைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. இரத்தக் கசிவு ஏற்படலாம். மற்றவர்கள் முதலில் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லிவிட்டு, வலி எத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, வாரம் ஒருமுறை நாள்காட்டியில் எழுதி வாருங்கள். மூன்று மாதத்தில் எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், பணமாவது மிஞ்சும். அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் குளிகைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.