விலையேற்றத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: பொத்தேரியில் கல்லூரி மாணவர்களுக்கு மாதச் சாப்பாடு கொடுக்கிறேன். 3,000 ரூபாயை 3,200 ஆக்க வேண்டும். பிள்ளைகள் முகம் சுளிக்காமல் எப்படிச் சொல்வது?

பதில்: பணம் வாங்கும் நாளில் சொல்லாதீர்கள். ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்:

“தம்பிகளே, சிலிண்டரும் எண்ணெயும் விலை கூடிவிட்டன. சாப்பாட்டின் அளவைக் குறைக்க மனமில்லை. செப்டம்பர் 1 முதல் மாதம் 3,200 ரூபாய். டிசம்பர் வரைக்கும் சேர்த்து இப்போதே கட்டுபவர்களுக்குப் பழைய விலைதான்.”

கடைசி வரிதான் முக்கியம். ஆவினும் முன்கூட்டியே பணம் கட்டியவர்களுக்கு இப்படித்தான் செய்தது: 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. மாத அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் 46 ரூபாயே நீடித்தது. இன்னொன்று: ‘எல்லாமே ஏறிப்போச்சு’ என்று மொட்டையாகச் சொன்னால் எடுபடாது. ஏறிய பொருளின் பெயரைச் சொல்லுங்கள்.