கண்டிப்பான மேலாளரிடம் விடுப்புக் கேட்கும் முறை

விடுப்பு மறுக்கப்படுவதற்குக் காரணம் எப்போதும் மேலாளரின் கடுமை மட்டுமன்று. பல சமயங்களில், மறுப்பதற்கான இடத்தை நம் கடிதமே அமைத்துக் கொடுத்துவிடுகிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இங்கே காண்போம்.

புணே நகரை அடுத்த ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில், முதல் ஷிப்டில் சி.என்.சி. லேத் இயக்குபவர் ஒருவர் இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். மதுரையில் வாழும் அவருடைய தாயாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியுள்ளது. அவருடைய மேலாளர், 'இந்த மாதம் யாருக்கும் விடுப்புக் கிடையாது' என்று அடிக்கடி சொல்பவர். அஞ்சிக்கொண்டே நம் நண்பர் முதலில் எழுதிய கடிதம் இது:

"ஐயா, என் தாயாருக்கு உடல்நிலை சரியில்லை. பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. மிகுந்த மனவேதனையில் இருக்கிறேன். ஜூலை மாத நடுவில் ஒரு வாரம் அல்லது பத்து நாட்கள் தயவுகூர்ந்து விடுப்பு அளித்து உதவுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் மேலாளர் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளுக்கு இதில் விடையில்லை. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை? அந்த நாட்களில் லேத்தை யார் இயக்குவார்? இவருக்கு விடுப்பு இருப்பில் உள்ளதா? 'ஒரு வாரம் அல்லது பத்து நாட்கள்' என்பதைப் படிப்பவர் பத்து நாட்கள் என்றே கணக்கிடுவார். பதினைந்தாகவும் ஆகலாம் என்று ஐயுறுவார். வேதனையைப் பற்றிய வரிகளோ பேச்சை வேறு திசைக்குக் கொண்டு செல்கின்றன. 'எல்லோர் வீட்டிலும்தான் நோய் இருக்கிறது' என்று அவர் சொல்லிவிட்டால், அதன்பின் வாதம் தாயாரின் நோயைப் பற்றியதாகிவிடும்; நாட்களைப் பற்றிய பேச்சுக்கு இடமே இராது.

ஆகவே, எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய பணி தேதியை உறுதிப்படுத்துவது. நம் நண்பர் மருத்துவமனையிடம் அறுவைக்கான நாளைக் கேட்டுப் பெற்றார்: ஜூலை 15, புதன். அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணினார். புணேயிலிருந்து மதுரைக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். 12ஆம் தேதி ஞாயிறு இரவு புறப்பட்டால், செவ்வாயன்று தாயாரை முன்பரிசோதனைக்கு அழைத்துச் செல்லலாம். புதன் அறுவை. வியாழன் கட்டுப் பிரித்துக் கண்ணைப் பார்ப்பார்கள். வெள்ளியன்று திரும்பப் புறப்பட்டால், ரயில் சில மணி நேரம் தாமதமானாலும் 19ஆம் தேதி ஞாயிறு ஓய்வுக்கு இருக்கிறது. 20ஆம் தேதி திங்கள் பணிக்கு வந்துவிடலாம். வேண்டிய விடுப்பு 13 முதல் 18 வரை, ஆறு வேலைநாட்கள். 'ஏன் ஆறு?' என்று கேட்டால் ஒவ்வொரு நாளுக்கும் இப்போது ஒரு காரணம் உண்டு.

அடுத்தது இருப்புக் கணக்கு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வேலை செய்த ஒவ்வொரு 20 நாட்களுக்கும் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்று வகுத்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பும் அதே கணக்கைத் தொடர்கிறது. நம் நண்பர் சென்ற ஆண்டு 280 நாட்கள் பணியாற்றியவர். எனவே 14 நாட்கள் சேர்ந்தன. மூன்றை எடுத்துவிட்டார், 11 மீதம். விடுப்பின் இரு முனைகளிலும் வரும் வார விடுமுறையை விடுப்பு நாட்களாக எண்ணக் கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதி. ஆதலால் இரு ஞாயிறுகளும் கணக்கில் சேரா.

விண்ணப்பத்தை எப்போது கொடுப்பது? பழைய சட்டத்தின் 79ஆம் பிரிவு, பொதுவாக விடுப்புத் தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றது. நிறுவனத்தின் விதி வேறாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். நம் நண்பர் ஜூன் 22ஆம் தேதியே, அதாவது மூன்று வாரங்களுக்கு முன்பே, இக்கடிதத்தை அளித்தார்:

"ஐயா, ஜூலை 13 திங்கள் முதல் ஜூலை 18 சனி வரை ஆறு நாட்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு விண்ணப்பிக்கிறேன். ஜூலை 15 அன்று மதுரையில் என் தாயாருக்குக் கண்புரை அறுவை நடைபெறுகிறது. மருத்துவமனைச் சீட்டு இணைத்துள்ளேன். என் கணக்கில் 11 நாட்கள் மீதமுள்ளன. இரண்டாம் ஷிப்டில் அதே லேத்தை இயக்குபவர் அவ்வாரம் முதல் ஷிப்டுக்கு வர இசைந்துள்ளார். ஜூலை 20 திங்கள் காலை பணிக்கு வருவேன். பயணச்சீட்டுப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், ஜூன் 27க்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவே: நாட்கள், காரணம், இருப்பு, மாற்று ஏற்பாடு, திரும்பும் நாள், விடை வேண்டும் நாள். காரணத்துக்கு ஒரே வாக்கியம் போதும். 'ஊதியத்துடன் கூடிய' என்ற சொல்லை விட்டுவிடலாகாது. அது இல்லாவிட்டால் ஊதியமில்லா விடுப்பாகப் பதிவாகும் வாய்ப்புண்டு. ஆறு நாள் ஊதியம் குறைந்த மாதத்திலும் கடன் தவணை குறையாமல் வந்து நிற்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் மேலாளர், "அந்த வாரம் சரக்கு அனுப்ப வேண்டும், முடியாது" என்றார். நண்பர் தாயாரைப் பற்றி மீண்டும் பேசவில்லை. "ஐயா, அறுவைத் தேதியை என்னால் மாற்ற இயலாது. எந்த வேலை தடைப்படும் என்று சொன்னால், அதை முன்பே முடித்துக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன்" என்றார். சனிக்கிழமை போக வேண்டிய ஒரு தொகுதி உதிரிபாகங்களே தடை என்று தெரிந்தது. ஜூலை 5 ஞாயிறன்று வந்து அதை முடித்துத் தருவதாக அவர் இசைந்தார். வெள்ளிக்கிழமையே வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரயில் தாமதமானால் உடைந்துபோகும் வாக்கை அளிப்பவரின் அடுத்த விண்ணப்பத்தை எவரும் நம்பமாட்டார்.

வாய்மொழியாகக் கிடைத்த அனுமதியை அன்று மாலையே எழுத்தாக்கிவிட வேண்டும். "இன்று பேசியபடி, ஜூலை 5 அன்று வேலைக்கு வருகிறேன், 13 முதல் 18 வரை விடுப்பு, 20 அன்று திரும்புகிறேன்" என்று இரு வரிகளில் மின்னஞ்சல் அனுப்பினால் போதும். பின்னர் 'நான் சொல்லவே இல்லை' என்ற பேச்சுக்கு இடமிராது.

மறுப்பே இறுதி முடிவானால், அதையும் எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்க வேண்டும். முறைப்படி விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட விடுப்பை வரம்பின்றி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்று சட்டம் கூறுகிறது. எழுத்துச் சான்று இருந்தால்தான் அவ்வுரிமையைக் கோர இயலும். அதைக் கொண்டு மனிதவளப் பிரிவையும் அணுகலாம். ஆனால் அனுமதி கிடைக்காமல் புறப்பட்டுவிடுவதோ, கிடைத்த நாட்களுக்கு மேல் தங்கிவிடுவதோ கூடாது. பல ஆலைகளின் நிலையாணைகளில், அனுமதியின்றிப் பத்து நாட்களுக்கு மேல் வராதிருப்பது ஒழுங்கீனமாகும். ஊரில் தங்க வேண்டிய கட்டாயம் நேர்ந்தால், விடுப்பு முடியும் முன்பே புதிய திரும்பும் தேதியுடன் நீட்டிப்புக் கேட்டு எழுதிவிட வேண்டும்.

நம் நண்பர் 20ஆம் தேதி காலை தம் லேத்தின் முன் நின்றார். அடுத்த முறை அவர் விடுப்புக் கேட்கும்போது, மேலாளர் முதலில் நினைத்துப் பார்க்கப்போவது அந்தத் திங்கட்கிழமையைத்தான்.