பணி விளக்கக் கட்டுரையும் வாடிக்கையாளர் இசைவும்

நுழையும்முன்

முடித்துக் கொடுத்த ஒரு பணியின் சிக்கலையும் தீர்வையும் எழுதி வெளியிடுவதைத் தொழில் உலகம் 'கேஸ் ஸ்டடி' என்கிறது. தமிழில் இதனைப் பணி விளக்கக் கட்டுரை எனலாம். உழைத்தவர் பட்டறைக்காரர், ஆனால் சிக்கல் வாடிக்கையாளருடையது. எனவே இருவருக்கும் உரிய செய்தியை ஒருவர் மட்டும் வெளியிட முடியாது. அதற்கான இசைவைப் பெறும் முறையை ஓர் எடுத்துக்காட்டின்வழி விளக்குகிறது இப்பாடம்.

பாரிவாக்கத்துப் பட்டறை

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் பாரிவாக்கம் உள்ளது. அங்கே ஒரு சிறு பட்டறை இருப்பதாகக் கொள்வோம். இருசக்கர வண்டியின் பின்னிருக்கைக் கைப்பிடியை அலுமினியத்தில் வார்க்கும் அம்பத்தூர் ஆலை ஒன்று அதன் வாடிக்கையாளர். கைப்பிடியில் நான்கு துளைகள் இடவேண்டும். ஒவ்வொரு வார்ப்பையும் மரை திருகி இறுக்கியதால் ஒன்றுக்கு 6 நிமிடம் ஆயிற்று. சில வார்ப்புகள் திசை மாறி வைக்கப்பட்டுத் துளை தவறி வீணாயின.

பட்டறை, 'பிக்சர்' எனப்படும் புதிய பிடிப்புக் கருவியைச் செய்து தந்தது. அதில் வார்ப்பை நிலைநிறுத்தும் இரண்டு ஊசிகளும் வெவ்வேறு தடிமன் கொண்டவை. ஆகவே வார்ப்பு ஒரே திசையில்தான் அமரும். மரைக்குப் பதிலாக நெம்புகோல் பிடிப்பு வந்தது. நேரம் 4 நிமிடமாகக் குறைந்தது. மணிக்கு 10 வார்ப்புகள் என்பது 15 ஆயிற்று. இதனைக் கட்டுரையாக வெளியிட்டால் புதிய வாடிக்கையாளர்கள் வருவர் எனப் பட்டறை உரிமையாளர் எண்ணினார்.

கேட்பதற்கு முன்

முதலில் படிக்கவேண்டியது கொள்முதல் ஆணையின் பின்பக்க நிபந்தனைகளை. வாடிக்கையாளரின் பெயரையோ முத்திரைச் சின்னத்தையோ விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற விதி பல ஆணைகளில் அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். இரகசியக் காப்பு ஒப்பந்தம் தனியே கையெழுத்தாகியிருந்தால் அதனையும் பார்க்கவேண்டும். விதி தடுத்தாலும் கேட்கலாம். ஆனால் விதியை அறிந்தே கேட்பதாகக் கடிதத்தில் குறிப்பிடுவது நேர்மை.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்பது. நாள்தோறும் பேசிப் பழகியவர் கொள்முதல் அலுவலர். அவர் "தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது அன்பின் வெளிப்பாடு. நிறுவனத்தின் இசைவு ஆகாது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உடையவர் யார் என்பதை அவரிடமே கேட்டறிந்து, கடிதத்தை அவர்வழியாக அனுப்பவேண்டும். நிலுவைத் தொகையைக் கேட்கும் கடிதத்தில் இக்கோரிக்கையைச் சேர்க்கலாகாது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றுக்கு மற்றொன்று விலையாகத் தோன்றும்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்
உரிமையாளர்,
பிடிப்புக் கருவிப் பட்டறை,
பாரிவாக்கம்.

பெறுநர்
ஆலை மேலாளர் அவர்கள்,
அலுமினிய வார்ப்பாலை,
அம்பத்தூர்.

ஐயா,

பொருள்: முடிவுற்ற பணி குறித்துக் கட்டுரை வெளியிட இசைவு வேண்டுதல்.

வணக்கம். தங்கள் ஆலைக்குச் செய்தளித்த துளையிடும் பிடிப்புக் கருவி குறித்து, இரண்டு பக்க அளவில் ஒரு கட்டுரை எழுதி, எங்கள் அறிமுகக் கையேட்டில் மட்டும் வெளியிட விரும்புகிறோம். கொள்முதல் ஆணையின் விளம்பரத் தடை விதியை அறிந்தே இவ்வேண்டுகோளை வைக்கிறோம்.

தங்கள் நிறுவனப் பெயருடன் வெளியிடலாம், பெயரின்றியும் வெளியிடலாம், வெளியிட வேண்டாம் எனவும் தாங்கள் தெரிவிக்கலாம். தங்கள் முடிவு எதுவாயினும் நம் தொழில் உறவில் மாற்றம் இராது. தாங்கள் இசைந்தால் முழு வரைவையும் படங்களையும் அனுப்புவோம். இறுதி வரைவில் தங்கள் கையெழுத்தைப் பெற்ற பின்னரே அச்சுக்குக் கொடுப்போம்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இக்கடிதம் எழுதுவதற்கான இசைவை மட்டுமே கேட்கிறது. எழுதியதற்கான ஒப்புதல் பின்னர் வருவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் நேரும் பெரும்பிழை.

வரைவும் திருத்தமும்

மேலாளர் இசைந்தார். பட்டறை 'வரைவு 1' என எண்ணும் நாளும் இட்டு, படங்களையும் அவற்றின் கீழ் வரும் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பியது. வாடிக்கையாளர் கூறியதாக வரும் வாக்கியங்களுக்கு அடிக்கோடிடப்பட்டிருந்தது. வரைவு இரண்டு திருத்தங்களுடன் திரும்பியது.

முதலாவது, நேரக் கணக்கு அடிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் அதனையே கட்டுரையின் உயிராகக் கருதியிருந்தார். ஆனால் கைப்பிடியை வாங்கும் வண்டி நிறுவனம் அவ்வெண்ணைப் பார்த்தால், ஆலையின் செலவு குறைந்ததை உணர்ந்து விலைக்குறைப்புக் கேட்கும். 'மூன்றில் ஒரு பங்கு குறைந்தது' என மாற்றினாலும் இதே விளைவுதான். எனவே எண்களை முற்றிலும் நீக்கி, வார்ப்பு ஒரே திசையில் அமரும் வகையில் ஊசிகள் அமைந்த முறை விளக்கப்பட்டது. அது பட்டறையின் சொந்த அறிவு. தேர்ந்த வாடிக்கையாளர் அதிலிருந்தே பயனை உணர்ந்துகொள்வார்.

இரண்டாவது, கைப்பிடியின் ஒளிப்படம். அது இன்னும் சந்தைக்கு வராத புதிய வண்டிக்குரியது. அதன் வடிவமைப்பு உரிமை ஆலைக்கு அன்று, வண்டி நிறுவனத்துக்கு உரியது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி, பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வெளியான வடிவமைப்பைப் பதிவுசெய்ய இயலாது. நம்பிக்கையை மீறிப் பிறர் வெளியிட்டால் உரிமையாளருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உரிமையாளரே இசைந்து வெளியான படத்துக்கு அப்பாதுகாப்பு இல்லை. எனவே இங்கு இசைவு பெறுவது மட்டும் போதாது. யாருடைய இசைவு, எப்போது என்பனவும் தெளிவாகவேண்டும். படம் விலக்கப்பட்டு, வார்ப்பு ஏற்றப்படாத கருவியின் படம் இடம்பெற்றது.

இறுதி ஒப்புதல்

திருத்திய பின் 'வரைவு 2' அனுப்பப்பட்டது. முதல் வரைவுக்குக் கிடைத்த பதில் இரண்டாவதற்குப் பொருந்தாது. மாறிய ஒவ்வொரு வரைவுக்கும் புதிய ஒப்புதல் தேவை. "ஏழு நாளில் பதில் இல்லையெனில் ஒப்புதல் எனக் கொள்வோம்" என எழுதுவதும் தவறு. மௌனம் இங்குச் சம்மதம் ஆகாது. பதில் வரவில்லையெனில் நினைவூட்டலாம், வெளியிடலாகாது.

மேலாளர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். வரைவின் எண், நாள், வெளியிடும் இடம், நிறுவனப் பெயர் இடம்பெறாமை ஆகியவை ஒப்புதல் கடிதத்தில் குறிக்கப்பட்டன. பின்னாளில் அதே கட்டுரையை நாளிதழ் விளம்பரமாக்க விரும்பினால் மீண்டும் கேட்கவேண்டும். கையேட்டுக்குத் தந்த இசைவு கையேட்டோடு முடிகிறது.

பெயரும் எண்ணும் இல்லாத அக்கட்டுரை, உரிமையாளர் முதலில் எண்ணியதைவிடச் சிறியது. ஆயினும் அதனால் ஆலைக்கு இழப்பு நேரவில்லை. அடுத்த கருவிக்கான கொள்முதல் ஆணையை அந்த ஆலையிடமே கேட்கும் வாய்ப்பும் கெடவில்லை.

கற்பவை கற்றபின்

1. எழுதுவதற்கான இசைவு, எழுதியதற்கான ஒப்புதல் – வேறுபடுத்துக.

2. வாடிக்கையாளர் இசைந்தும் ஒரு படத்தை வெளியிடக் கூடாத சூழலைப் பாடத்தின்வழி விளக்குக.

3. உங்கள் பகுதியிலுள்ள தையலகமோ தச்சுப் பட்டறையோ தான் முடித்த பணியைப் பற்றிக் கட்டுரை வெளியிட விரும்புவதாகக் கொண்டு, வாடிக்கையாளருக்கு இசைவு வேண்டும் கடிதம் ஒன்றை எழுதுக.