ரீவி அகலம், கசெட் சதுரம்

திருகோணமலையில் பழைய வீடியோ கசெட் வைத்திருக்கும் வீடுகளில் எப்படியும் ஒன்று கோணேசர் நகர்வலமாக இருக்கும். சிவராத்திரி முடிந்து சுவாமி ஊருக்குள் வரும் இரவுகளில், ரியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது. அதைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லி வருபவர்கள், “தம்பி, ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்காமல் ரீவி நிறைய வாற மாதிரி செய்து தா” என்றும் கேட்பார்கள்.

நிறைய வைக்க இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. இரண்டையும் நான் செய்வதில்லை. 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். குருக்களின் முகமும் தேர்ச்சில்லும் சப்பையாகிவிடும். பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும், பெரும்பாலும் கலசமோ காலோ. 2019இல் டிஸ்னி பிளஸ் ‘சிம்ப்சன்ஸ்’ பழைய தொடர்களை இப்படி வெட்டிப் போட்டது. மூன்று வகை பியரும் ஒரே குழாயிலிருந்து வருவதுதான் ஒரு காட்சியின் பகிடி. வெட்டில் அந்தக் குழாயே காணாமற்போனது. அடுத்த ஆண்டு பழைய வடிவத்தையும் பார்க்க வசதி செய்து கொடுத்தார்கள்.

அதனால் 1920×1080 சட்டத்தின் நடுவில் 1440 அகலத்துக்குப் படத்தை அப்படியே வைத்து, இருபுறமும் மிஞ்சும் 240 புள்ளிகளை அதே படத்தின் மங்கலான பிரதியால் நிரப்புகிறேன். சும்மா 4:3 கோப்பாகக் கொடுத்தால் பல வீட்டு ரீவிகள் ‘அகலம்’ என்ற அமைப்பிலேயே கிடந்து அதை இழுத்துவிடும். பக்கங்களோடு சேர்ந்த கோப்பென்றால் அந்தச் சிக்கல் இல்லை.

ஒரு நகர்வலக் கசெட்டுக்கு நான் கொடுத்த கட்டளை இது:

```
ffmpeg -i nagarvalam.avi -filter_complex "[0:v]bwdif,crop=688:564:16:0,split[a][b];[a]scale=1920:1440,crop=1920:1080,gblur=sigma=40,eq=brightness=-0.15:saturation=0.5[bg];[b]scale=1440:1080,setsar=1[fg];[bg][fg]overlay=240:0,setsar=1" -c:v libx264 -crf 18 -c:a aac nagarvalam.mp4
```

இதில் பலர் விட்டுவிடுவது முதல் `crop`. கசெட் படம் 720×576 ஆக ஏறும்போது இடது, வலது ஓரங்களில் கறுப்புக் கோடும், அடியில் நெளியும் இரைச்சல் பட்டையும் இருக்கும். பழைய குழாய் ரீவி அவற்றைத் தன் விளிம்புக்குள் மறைத்துக்கொண்டது. இப்போதைய ரீவி எல்லாவற்றையும் காட்டும். ஓரத்தை வெட்டாமல் மங்கலாக்கினால் அந்தக் கறுப்பு பின்னணிக்குள் கரைந்து திரையின் கரையில் அழுக்குப் பட்டையாக நிற்கும். `bwdif` பழைய வீடியோவின் சீப்புப்பல் கோடுகளை நீக்குகிறது. அதையும் அளவை மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

மங்கல் எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி. பக்கத்தில் தெரிவது படத்தின் விளிம்பிலுள்ள எட்டில் ஒரு பங்கு மட்டுமே. ஊர்வலத்தில் ரியூப் லைட் தூக்குபவர் எப்போதும் அந்த விளிம்பில்தான் நடப்பார். அவர் வந்தபோதெல்லாம் வலப்பக்கம் முழுதும் வெள்ளையாகப் பளிச்சிட்டது, பார்ப்பவரின் கண் சுவாமியை விட்டு அங்கே ஓடியது. அதற்குத்தான் வெளிச்சத்தையும் நிறத்தையும் குறைத்தேன். இரவுக் காட்சியென்றால் `brightness` அளவை -0.25 வரைகூட இறக்கலாம். கணினிக்கு முன்னால் இருந்து பார்த்தால் இந்தப் பிழை பிடிபடாது. ரீவியில் போட்டு, சத்தத்தை நிறுத்தி, கதிரையைப் பின்னால் தள்ளி இருந்து பார்க்க வேண்டும்.

அதே கசெட்டின் முடிவில், உவர்மலையிலிருந்து உட்துறைமுகத்தை இடமிருந்து வலமாகச் சுற்றிக் காட்டும் நீண்ட காட்சி ஒன்று இருந்தது. பின்னணி நடுப்படத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிது என்பதால், கமெரா திரும்பும்போது அதுவும் அவ்வளவு கூடுதல் வேகத்தில் நகரும். இரண்டு வேகம் ஒன்றாக ஓடினால் தலை சுற்றும், வயதானவர்களுக்கு இன்னும் மோசம். மங்கலைக் கூட்டினாலும் வெளிச்சமான வானமும் கறுத்த மலையும் ஓடுவது தெரியும். அந்தக் காட்சியை மட்டும் தனியாக வெட்டி, அதிலிருந்தே அசையாத ஒரு படத்தை எடுத்து மங்கலாக்கிப் பின்னால் வைத்தேன். அதற்கு நேரமில்லையென்றால் கடும் சாம்பல் நிறமே போதும்.

செத்தவீட்டு வீடியோவுக்கும் 2004 கடல்கோள் காட்சிகளுக்கும் நான் மங்கல் பின்னணி போடுவதில்லை. கேட்டாலும் போடமாட்டேன். அவற்றுக்குக் கறுப்புத்தான். சாட்சியாக நிற்க வேண்டிய படத்துக்குப் பக்கத்தில், கமெரா எடுக்காத எதுவும் அசையக்கூடாது என்பது என் பிடிவாதம்.

கடையில் கொடுத்துச் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கம் நிரப்பிய கோப்போடு, நிரப்பாத 4:3 கோப்பையும் கேட்டு வாங்குங்கள். நிரப்பிய கோப்பிலிருந்து முழுப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது; ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும். கசெட்டோ ஒவ்வொரு மழைக்காலத்திலும் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கிறது.